'கே' வரும் இடத்தில்தான் வெட்ட முடியும்

பிள்ளைகளே, போனில் ஒரு வீடியோவை வெட்டித் தரச் சொன்னால் "எங்கிருந்து வேணும், அதுக்கு முன்னாடி இன்னா இருக்குது" என்று நான் நாலு தடவை கேட்கிறேன் என்று நீங்கள் இரண்டு பேரும் சிரிக்கிறீர்கள். அப்பாவுக்குப் புதுப் போனைப் பார்த்துப் பயம் என்று பெரியவள் சொன்னது என் காதிலும் விழுந்தது. பயம் இல்லை. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் நான் வீடியோ கடை வைத்திருந்த காலத்தில் நடந்த ஒரு விஷயம் இது. உங்கள் அம்மாவிடம்கூட பாதிதான் சொல்லியிருக்கிறேன். நான் பத்தாம் வகுப்பைத் தாண்டாதவன்; எழுத்தில் தப்பு இருந்தால் திருத்திக்கொண்டு படியுங்கள்.

அப்போது கல்யாண வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் டிவியில் போட்டுப் பார்க்கிற வீசீடி போட்டுக் கொடுத்தோம். கேமராவில் சின்ன டேப்பில் எடுப்போம். அதைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, வெட்டி ஒட்டி, பாட்டு சேர்த்து, மூன்று சீடியில் கொடுப்போம். பின்னால் யாராவது "சீடி கீறிடுச்சு, இன்னொண்ணு குடு" என்று வருவார்கள் என்பதால், கடைக்கென்று ஒரு காப்பி எடுத்து வைப்போம். அந்தக் காப்பி, படத்தை இறுக்கிச் சுருக்கும் இன்னொரு முறையில் இருக்கும். இடம் குறைவாகப் பிடிக்கும். ஆனாலும் வீசீடியைவிடப் படம் தெளிவாக இருக்கும். டேப்பை மட்டும் யாரும் வைத்துக்கொள்வதில்லை. அடுத்த முகூர்த்தத்துக்கு அதே டேப்பின் மேல் எடுத்துவிடுவோம். எல்லாக் கடையிலும் அதுதான் பழக்கம். அதைத் தப்பு என்று அப்போது யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

வாலாஜாபாத் போகும் வழியில் ஒரு ஊரில், மாப்பிள்ளை வீட்டுக் கல்யாணம் ஒன்று எடுத்தேன். பந்தி நடக்கும்போது எனக்கும் பசி. கேமராவை ஸ்டாண்டில் வைத்து, முன்வரிசை இலையைப் பார்த்துத் திருப்பிவிட்டு, நான் பின்வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டேன். சாம்பார் முடிந்து ரசம் வரும் வரைக்கும் கேமரா ஆடாமல் அசையாமல் ஒரே இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எடிட் செய்யும்போது எனக்கே வெட்கமாக இருந்தது. ஆனால் சாப்பிடுகிறவர்களுக்குத் தங்கள் முகம் வந்தால் சந்தோஷம்தானே என்று அப்படியே விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, மாப்பிள்ளையின் அக்கா கடைக்கு வந்தாள். கழனி வேலைக்குப் போகிறவள். அவள் புருஷன் வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ் மில்லில் மூட்டை தூக்குகிறவர். அவர்களுக்கு ஆறு வயதில் ஒரு பெண் குழந்தை. அந்தக் குழந்தை அடிக்கடி எதையோ வெறித்துப் பார்த்துக்கொண்டு நின்றுவிடுமாம். கூப்பிட்டால் காதில் வாங்காதாம். கொஞ்ச நேரத்தில் தானாகச் சரியாகி, விட்ட இடத்திலிருந்து பேசுமாம். பள்ளிக்கூடத்தில் "உன் பொண்ணு எப்பப் பாரு பராக்கு" என்று சொல்லி அனுப்பினார்களாம். வீட்டில் அவள் அப்பா தலையில் குட்டுவாராம். பெற்றவளுக்கு மட்டும் இது பராக்கு இல்லை என்று தோன்றியிருக்கிறது. காஞ்சிபுரத்தில் ஒரு டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். இரண்டு முறை போயும் அங்கே குழந்தை நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டு இருந்திருக்கிறது. "எப்படி வருதுன்னு நான் பார்க்கணும். யாராவது வீடியோ எடுத்திருந்தா கொண்டு வாங்க" என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார்.

கழனிக்குப் போகிறவளிடம் வீடியோ எங்கே இருக்கும்? ஆனால் தம்பி கல்யாண சீடி இருந்தது. பக்கத்து வீட்டில் அதைப் போட்டுப் பார்த்தபோது, முன்வரிசையில் குழந்தை உட்கார்ந்திருந்தது தெரிந்தது. ரசம் வருவதற்கு முன்னால், அது நிமிர்ந்து கேமரா பக்கம் பார்க்கிறது. கண் இமை படபடவென்று துடிக்கிறது. படம் அவ்வளவு தெளிவில்லாவிட்டாலும், பெற்றவள் அதைப் பார்த்துவிட்டாள்.

"அந்த இடத்த மட்டும் தனியா போட்டுக் குடுணா. டாக்டரம்மா முழுக் கல்யாணத்தையும் பாத்துக்கினு இருப்பாங்களா?" என்றாள்.

இது பெரிய வேலையா என்று நினைத்து, கடைக் காப்பியை எடுத்து, அவள் சொன்ன இடத்திலிருந்து வெட்டி, வழக்கம்போல வீசீடியாக மாற்றிக் கொடுத்தேன். நாலே நாளில் திரும்பி வந்துவிட்டாள். முகம் செத்துப்போயிருந்தது. டாக்டரம்மா போட்டுப் பார்த்தாராம். குழந்தையின் கண் இருக்கும் இடத்தில் கட்டம் கட்டமாக ஏதோ அசைகிறதே தவிர, இமை துடிப்பதா, படமே அப்படியா என்று சொல்ல முடியவில்லை என்றாராம்.

நான் என் கம்ப்யூட்டரில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். கடைக் காப்பியில் இமை தெளிவாகத் துடித்தது. நான் கொடுத்ததில் இமையும் கண்ணும் ஒரே கரும்புள்ளி. ஏற்கெனவே சுருக்கிய படத்தை விரித்து, மறுபடி புதிதாகச் சுருக்கியிருக்கிறேன். போதாததற்குப் படத்தின் அளவையும் குறைத்திருக்கிறேன். அந்த வேலையில் முதலில் தேய்ந்து போவது இமை மாதிரிச் சின்ன அசைவுகள்தான். கல்யாணப் புடவையில் ஒரு ஜரிகை மங்கினால் யாரும் கேட்பதில்லை. அதனால் எனக்கு இது இத்தனை நாள் தெரியவே இல்லை.

டேப் இருந்தால் கவலையே இல்லை. அதில் ஒவ்வொரு ஃப்ரேமும் தனித்தனி முழுப்படம். எங்கே வேண்டுமானாலும் வெட்டலாம். அந்த டேப்பில் அதற்குள் மூன்று கல்யாணம் ஏறி இறங்கிவிட்டது. இதை அவளிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல், ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன்.

காஞ்சிபுரத்தில் வீடியோ மிக்ஸிங் செய்யும் ஒரு நண்பனுக்குப் போன் போட்டேன். அவன் கேட்டதும் திட்டினான். "மறுபடி சுருக்கி என்கோட் பண்ணாதடா. டைரக்ட் ஸ்ட்ரீம் காப்பி வை. உள்ள இருக்கறத தொடாம, அப்படியே அறுத்து எடுத்துக் குடுத்துரும். ஒரு புள்ளி மாறாது" என்றான். அந்த எடிட்டிங் சாஃப்ட்வேர் என்னிடமும் இருந்தது. அந்த மெனுவைத் தினமும் தாண்டிப் போனவன்தான் நான்.

அன்று சாயங்காலமே செய்து பார்த்தேன். குழந்தை நிமிரும் இடத்தில் ஆரம்பம் குறித்து, டைரக்ட் ஸ்ட்ரீம் காப்பி என்று வைத்து, சேமித்தேன். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. எவ்வளவு முடிந்தது என்று காட்ட வழக்கமாக ஓடும் கோடு ஓடவே இல்லை. போட்டுப் பார்த்தால், படம் பளிச்சென்று அப்படியே இருக்கிறது. ஆனால் நான் குறித்த இடத்தில் ஆரம்பிக்கவில்லை. ஒன்பது விநாடி முன்னாலிருந்து ஆரம்பிக்கிறது. கை தவறிவிட்டது என்று நினைத்து மறுபடி செய்தேன். மூன்று தடவையும் அதே இடம்.

திரும்பவும் போன். அவன் சொன்னதை உங்களுக்குப் புரியும்படி சொல்கிறேன். இப்படிச் சுருக்கிய வீடியோவில் எல்லா ஃப்ரேமும் முழுப்படம் இல்லை. எப்போதாவது ஒரு ஃப்ரேமைத்தான் முழுசாக எழுதி வைக்கும். அதற்கு அடுத்ததில், "முன்னால் இருந்ததில் இது மட்டும் இப்படி நகர்ந்தது" என்று மாற்றத்தை மட்டும் குறித்துக்கொண்டு போகும். நடுவில் ஒரு ஃப்ரேமைப் பிடுங்கி எடுத்தால், அது எதிலிருந்து மாறியது என்பதற்கு ஆதாரம் இருக்காது. அதனால், புதிதாக எழுதாமல் அப்படியே வெட்ட வேண்டும் என்றால், முழுப்படம் இருக்கும் இடத்தில்தான் ஆரம்பிக்க முடியும். நாம் நடுவில் குறித்தால், சாஃப்ட்வேர் தானே அதற்கு முன்னால் இருக்கும் முழுப்படத்துக்குப் போய் அங்கிருந்து எடுத்துக்கொள்ளும். முடிவை எங்கே வேண்டுமானாலும் வைக்கலாம். அதற்கு முன்னால் வந்ததெல்லாம் உள்ளேயே இருக்கிறதே. முழுப்படம் வரும் ஃப்ரேமில் திரையின் கீழே 'கே' என்ற இங்கிலீஷ் எழுத்தைக் காட்டும்.

காட்சி மாறினால் அந்த 'கே' அடிக்கடி வரும். என் கேமரா ஸ்டாண்டில் நின்றுகொண்டிருந்தது. நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். காட்சி மாறவே இல்லை. அதனால் அந்த இடத்தில் பன்னிரண்டு விநாடிக்கு ஒரு தடவைதான் 'கே'. ஒன்று, நான் குறித்த இடத்துக்கு ஒன்பது விநாடி முன்னால். அடுத்தது, மூன்று விநாடி பின்னால். பின்னால் இருப்பதில் வெட்டினால், இமை துடிப்பதில் நாலு விநாடிதான் மிஞ்சும்.

முன்னால் இருப்பதில் வெட்டினால் போயிற்று, ஒன்பது விநாடி கூட வந்தால் டாக்டரம்மாவுக்கு என்ன என்றுதான் நினைத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை புருஷனும் கூட வந்தார். மில் லீவு. நல்ல உயரம், தோள் இரண்டும் காய்த்துப்போனவர். என் முன்னால் நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே இருந்தார். அவள் கதவோரம் பெஞ்சில் உட்கார்ந்தாள். டேப் இல்லை என்பதை முதலில் சொன்னேன். அவர்கள் கோபப்படவில்லை. டேப் என்று ஒன்று இருந்ததே அவர்களுக்குத் தெரியாது. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

பிறகு முன்னால் இருந்த 'கே'யிலிருந்து ஓட்டிக் காட்டினேன். முன்வரிசை இலைகள். குழந்தை. பக்கத்தில் இவர். எட்டு விநாடி போனதும் இவர் கை நீண்டு, குழந்தையின் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைக்கிறது. தலை ஆடி, முகம் கேமரா பக்கம் திரும்புகிறது. அதன் பிறகுதான் இமை துடிப்பது தெரிகிறது.

முதல் தடவை எடிட் செய்தபோதும், வீசீடிக்கு வெட்டியபோதும், அந்தக் குட்டு என் கண்ணில் பட்டிருக்கும். பந்தியில் பிள்ளையைக் குட்டுவது எனக்கு ஒரு விஷயமாகவே தெரியவில்லை. நானும் உங்களைக் குட்டியிருக்கிறேனே.

அவர் திரையைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

"அதுக்கு முன்னாடி இருக்கறது வேணாம்பா. கொயந்த மூஞ்சி திரும்புதுல்ல, அங்கருந்து போடு."

அங்கிருந்து போட முடியாது என்று சொன்னேன். அப்படியே எடுத்தால் இங்கிருந்துதான் வரும்; அங்கிருந்தே வேண்டுமென்றால் மறுபடி புதிதாகச் சுருக்க வேண்டும், முன்னால் கொடுத்த சீடி மாதிரியே கண் மங்கிப் போகும் என்றேன். அவர் நம்பவில்லை. கத்தரிக்கோலால் ரிப்பனை வெட்டுகிற மாதிரிதானே, இவன் ஏன் இந்த இடத்தில் மட்டும் வெட்ட முடியாது என்கிறான் என்று அவருக்குச் சந்தேகம். "போன தபா நீதானே வெட்டிக் குடுத்த? அதுல நான் இல்லையே?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. அதில் குட்டு இல்லை, கண்ணும் இல்லை என்று இரண்டையும் திரையில் காட்டினேன். பார்த்தார்.

"டாக்டரு இத்தப் பாத்தா இன்னா சொல்லுவாங்க? அப்பங்காரன் மண்டையில அடிச்சான், அதான் கொயந்தைக்கு இப்படி ஆயிப்போச்சின்னு சொல்லமாட்டாங்களா?"

அவர் மாமியார் ஏற்கெனவே அப்படிச் சொல்லிவிட்டாளாம். அது பெஞ்சிலிருந்து அவள் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. மாமியார் சொன்னது பெரிசில்லை, அவரே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார் என்பது அவர் குரலில் தெரிந்தது. அவர் மறைக்க நினைத்தது டாக்டரிடமிருந்து மட்டும் இல்லை.

சத்தத்தை வேண்டுமானால் எடுத்துவிடலாம், படத்தைத் தொடாமலே சத்தத்தை மட்டும் விட்டுவிட வழி இருக்கிறது என்றேன். "சத்தமா அடிக்குது, கைதானே அடிக்குது" என்றார். வேண்டாம், பேசாமல் விட்டுவிடலாம் என்று அவர் கிளம்பப் பார்த்தார். அவள் எழுந்திருக்கவில்லை.

"இன்னொரு தபா ஓட்டுணா" என்றாள்.

ஓட்டினேன். குட்டு விழுந்ததும் நிறுத்தச் சொல்வாள் என்று பார்த்தால், அதற்கு முன்னாலேயே "நிறுத்து, நிறுத்து" என்றாள். ஆரம்பத்துக்குத் திரும்பப் போகச் சொன்னாள். ஒவ்வொரு ஃப்ரேமாக நகர்த்தினேன். அம்புக்குறியை ஒரு தடவை அழுத்தினால் ஒரு ஃப்ரேம் நகரும். குழந்தை சோற்றைப் பிசைகிறது. உருண்டை எடுக்கிறது. கை வாயை நோக்கிப் போகிறது. பாதி வழியில் நின்றுவிடுகிறது.

நான் அழுத்திக்கொண்டே போனேன். பக்கத்து இலையில் கைகள் போய் வருகின்றன. பரிமாறுகிறவரின் வாளி நகர்கிறது. குழந்தையின் கை மட்டும் அந்தரத்தில் நிற்கிறது. சோறு விரலிலிருந்து உதிர்கிறது. இவர் குனிந்து குழந்தையிடம் ஏதோ சொல்கிறார். மறுபடி சொல்கிறார். அது திரும்பவில்லை. அதன் பிறகுதான் இவர் கை நீள்கிறது.

எண்ணிப் பார்த்தேன். கை நின்றதற்கும் குட்டு விழுந்ததற்கும் நடுவில் நூற்று முப்பது ஃப்ரேம். ஐந்து விநாடிக்கு மேல்.

"நீ அடிக்கறதுக்கு முன்னாடியே அவ போயிட்டுகீறா, பாரு" என்றாள் அவள். குரலில் சண்டை இல்லை. "கூப்புட்டுக்கினே கீற. அவளுக்குக் காது கேக்கல."

அவர் அப்போதுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். ஃப்ரேம் ஃப்ரேமாக வேண்டாம், சும்மா ஓட்டு என்றார். ஓட்டினேன். கை நின்ற இடத்தில் அவர் தன் விரலைத் திரை மேல் வைத்தார். குட்டு விழும்போது விரலை எடுத்துக்கொண்டார்.

"முழுசாவே போட்டுக் குடுபா" என்றார். "நான் அடிச்சதும் இருக்கட்டும்."

முன்னால் இருந்த 'கே'யில் ஆரம்பித்து, குழந்தைக்கு நினைவு திரும்பின பிறகும் கொஞ்சம் விட்டு முடித்தேன். வீசீடியாக மாற்றாமல், ஃபைலை அப்படியே சீடியில் ஏற்றினேன். இது டிவி பிளேயரில் ஓடாது, டாக்டரம்மாவின் கம்ப்யூட்டரில்தான் போட வேண்டும் என்று உறையின் மேல் எழுதிக் கொடுத்தேன். சந்தேகத்துக்கு, அவர்கள் முன்னாலேயே கடைக் காப்பியின் அதே ஃப்ரேமையும் இதையும் பெரிதாக்கிக் காட்டினேன். ஒரு புள்ளிகூட மாறவில்லை.

டாக்டரம்மா அதைப் பார்த்த பிறகு, குழந்தையை வேக வேகமாக மூச்சை இழுத்து ஊதச் சொல்லி, அங்கேயே அந்த மாதிரி வரவைத்துப் பார்த்திருக்கிறார். தலையில் வயர் வைத்து எடுக்கும் டெஸ்டுக்கும் அனுப்பினார். இது ஒரு வகை வலிப்பு, கீழே விழாமல் கை கால் இழுக்காமல் வருவது, மாத்திரையில் கட்டுப்படும் என்றாராம். அடிப்பதால் வருவதில்லை, ஆனால் அடிக்கக் கூடாது என்றும் சொன்னாராம். இதையெல்லாம் அவள்தான் ஒரு மாதம் கழித்து, சந்தைக்கு வந்தவள் கடையில் எட்டிப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். பள்ளிக்கூடத்தில் இப்போது முன்பெஞ்சில் உட்கார வைக்கிறார்களாம். அவர் வரவில்லை. ஒரு சேதி மட்டும் சொல்லி அனுப்பியிருந்தார்: கம்ப்யூட்டரில் அந்தத் துண்டை வைத்திருக்க வேண்டாம் என்று.

ஒன்றை உங்களிடம் மறைக்கக் கூடாது. பின்னால், அந்தச் சாஃப்ட்வேரிலேயே இன்னொரு வழி இருப்பதைக் கற்றுக்கொண்டேன். படத்தைச் சுருக்காமல் அப்படியே முழுசாக விரித்து எழுதினால், எந்த ஃப்ரேமிலும் வெட்டலாம், தெளிவும் குறையாது. ஃபைல்தான் ரொம்பப் பெரிதாகும். பத்துப் பதினைந்து விநாடி என்பதால் ஒரு சீடிக்குள் அடங்கியிருக்கும். கம்ப்யூட்டரில் ஏற்றிப் பார்த்திருக்கலாம். அன்றைக்கு அது எனக்குத் தெரிந்திருந்தால், அந்த மனிதர் கேட்டபடியே முகம் திரும்பும் இடத்திலிருந்து வெட்டிக் கொடுத்திருப்பேன். கெட்டிக்காரன் என்று எனக்கே தோன்றியிருக்கும். குழந்தைக்கு மாத்திரையும் கிடைத்திருக்கும். அவர் மட்டும் ஆயுசுக்கும் தான் குட்டியதால்தான் என்று நினைத்துக்கொண்டிருந்திருப்பார். தெரியாதது நல்லதாகிவிட்டது என்று நான் பெருமையாகச் சொல்லவில்லை. தொழில் தெரியாமல் இருப்பதில் என்ன பெருமை? வெட்டுகிறவன் எதை வெட்டுகிறோம் என்று ஒரு தடவை முழுசாகப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

அவள் சேதி சொல்லிவிட்டுப் போன பிறகு, கடையில் யாரும் இல்லை. கதவைச் சாத்தினேன். அந்தத் துண்டை ஒரு தடவை ஓட்டினேன். கடைசியில் குழந்தையின் கண் நிலைக்கு வருகிறது. கையில் மிச்சமிருந்த சோற்றை வாயில் போட்டுக்கொள்கிறது. எதுவும் நடக்காத மாதிரி அப்பளத்தை எடுத்து நொறுக்குகிறது. அது மென்று முடிக்கிற வரைக்கும் பார்த்துவிட்டு, ஃபைலை அழித்தேன். திரையின் ஓரத்தில் இருந்த குப்பைத்தொட்டிப் படத்தைத் திறந்து, அங்கிருந்தும் அழித்தேன்.